உலகக் கோப்பையை வாங்கியவரும் வாங்காதவரும்: ஆம்புஷ் மார்க்கெட்டிங் என்றால் என்ன?

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 14 முதல் மார்ச் 17 வரை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து கிரிக்கெட் உலகக் கோப்பையை நடத்தின. அந்தப் போட்டிக்கு 'வில்ஸ் உலகக் கோப்பை' என்று பெயர். ஐ.டி.சி. நிறுவனம் பணம் கொடுத்துத் தன் சிகரெட்டின் பெயரைப் போட்டியின் பெயரோடு சேர்த்துக்கொண்டது. அதே போட்டியின் 'அதிகாரப்பூர்வ குளிர்பானம்' என்ற உரிமையைக் கோக்கோ கோலா வாங்கியது. 1977இல் இந்தியாவை விட்டு வெளியேறி 1993இல்தான் திரும்பி வந்திருந்த அந்த நிறுவனத்துக்கு, துணைக்கண்டம் முழுவதும் ஒரு மாதத்துக்கு மேல் தொலைக்காட்சி முன் உட்காரப்போகும் அந்தப் போட்டியைவிடப் பெரிய மேடை வேறு இருந்திருக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் தொலைக்காட்சி பார்த்த எவரிடமாவது 1996 உலகக் கோப்பையின் குளிர்பானம் எது என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் பெப்சி என்ற பதிலே வரும். சச்சின் டெண்டுல்கர், அசாருதீன் போன்றவர்களை வைத்துப் பெப்சி எடுத்த விளம்பரங்களும், அவற்றின் முடிவில் வந்த 'நத்திங் அஃபிஷியல் அபௌட் இட்' என்ற வரியும் அவர்கள் நினைவில் இன்னும் இருக்கும். 'இதில் அதிகாரப்பூர்வம் என்று ஒன்றும் கிடையாது' என்பது அந்த வரியின் பொருள். பணம் கட்டி வாங்கிய பட்டத்தையே போட்டியாளர் கேலிப்பொருளாக்கிவிட்டார்.

இந்தச் செயலுக்குத்தான் ஆம்புஷ் மார்க்கெட்டிங் என்று பெயர். 'ஆம்புஷ்' என்றால் மறைந்திருந்து பாய்வது. தமிழில் பதுங்கு விளம்பரம் என்று சொல்லலாம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தில் விளம்பரப் பொறுப்பில் இருந்த ஜெர்ரி வெல்ஷ் என்பவர் 1980களில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு பெரிய விளையாட்டு நிகழ்ச்சிக்கு ஸ்பான்சராகப் பணம் எதுவும் கட்டாமல், அந்த நிகழ்ச்சியோடு தனக்குத் தொடர்பு இருப்பதுபோன்ற எண்ணத்தையோ, அந்த நேரத்தில் மக்கள் மனத்தில் இருக்கும் பரபரப்பின் பலனையோ ஒரு நிறுவனம் தன் பக்கம் இழுத்துக்கொள்வது என்று இதை விளக்கலாம். இது போலிச் சரக்கு விற்பது அன்று. போட்டியின் சின்னத்தைத் திருடி அச்சடித்த பனியனை விற்பவர் சட்டத்தை நேராக மீறுகிறார்; பதுங்கு விளம்பரம் செய்பவரோ பெரும்பாலும் சட்டம் தடுக்காத இடமாகப் பார்த்துத்தான் கால் வைக்கிறார். அதனால்தான் இதைத் தடுப்பது கடினம்.

வித்தியாசம் புரிய வேண்டுமானால், ஸ்பான்சர் பணம் கட்டும்போது அவருக்குக் கைக்கு என்ன வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 'போட்டியை வாங்கிவிட்டார்கள்' என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோம். உண்மையில் வாங்குவது எண்ணிச் சொல்லக்கூடிய சில உரிமைகளின் தொகுப்பை மட்டுமே. போட்டியின் பெயரையும் சின்னத்தையும் தன் விளம்பரத்திலும் பாட்டிலிலும் அச்சிடலாம். 'அதிகாரப்பூர்வ' என்ற அடைமொழியைப் போட்டுக்கொள்ளலாம். எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிற்கும் பலகைகளில் இடம் கிடைக்கும். மைதானத்துக்குள் தன் பானம் மட்டுமே விற்கப்படும். பரிசுத் திட்டங்களுக்கும் விருந்தினருக்கும் பயன்படுத்த ஒரு பங்கு நுழைவுச்சீட்டு கிடைக்கும். இவை எல்லாவற்றையும்விட விலை உயர்ந்தது 'வகைத் தனியுரிமை' என்பது. ஒரு குளிர்பானம் உள்ளே வந்துவிட்டால் இன்னொரு குளிர்பானம் வர முடியாது. ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டால் இன்னொன்றுக்குக் கதவு அடைக்கப்படும். ஸ்பான்சர் கொடுக்கும் தொகையில் பெரும்பகுதி, தன்னைக் காட்டுவதற்கு இணையாக எதிராளியைக் காட்டாமல் இருப்பதற்கும்தான் போகிறது.

அந்தத் தொகுப்பில் எவை எவை இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியில் ஓவர்களுக்கு இடையே வரும் விளம்பர நொடிகளை விற்பது ஒளிபரப்பு நிறுவனம். போட்டி அமைப்பு அன்று. ஆட்டக்காரரின் முகமும் பெயரும் அவருடைய சொத்து. அவற்றை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பதை அவர் முடிவு செய்கிறார். மைதானத்துக்கு வெளியே உள்ள சுவர்களும் கட்டடங்களும் அவற்றின் உரிமையாளர்களுக்குச் சொந்தம். கிரிக்கெட், கோப்பை, இந்தியா, நீல நிறம் ஆகியவை யாருக்கும் சொந்தமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஒரு மாதம் ஊரே பேசிக்கொண்டிருக்கும் பேச்சை யாராலும் விலைக்கு விற்க முடியாது. விற்கப்பட்டதற்கும் விற்க முடியாததற்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியில்தான் பதுங்குபவர் உட்காருகிறார்.

இந்த இடைவெளி எப்போது பெரிதாகியது என்பதற்கு ஒலிம்பிக்கின் கணக்கு ஒன்று உதவும். 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்குக்கு ஸ்பான்சர்களும் சரக்கு வழங்குநர்களுமாக 628 நிறுவனங்கள் இருந்தன. விரும்பியவரெல்லாம் உள்ளே வர முடிந்த அந்த நிலையில் பட்டத்துக்கும் பெரிய மதிப்பில்லை; வெளியே நின்று பதுங்க வேண்டிய தேவையும் எவருக்கும் இல்லை. 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கை நடத்தியவர்கள் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். ஸ்பான்சர்களின் எண்ணிக்கையை முப்பதைச் சற்றுத் தாண்டும் அளவுக்குக் குறைத்து, ஒரு வகைக்கு ஒருவர் என்று தனியுரிமை கொடுத்து, விலையைப் பல மடங்கு உயர்த்தினார்கள். புகைப்படச் சுருள் வகையை ஜப்பானின் ஃபியூஜி வாங்கியது. அமெரிக்காவையே தன் கோட்டையாகக் கருதியிருந்த கோடாக் வெளியே நின்றது. ஆனால் கோடாக் சும்மா இருக்கவில்லை: அமெரிக்காவில் ஒலிம்பிக்கை ஒளிபரப்பிய ஏ.பி.சி. தொலைக்காட்சியின் ஒளிபரப்புக்கு ஸ்பான்சரானது. அமெரிக்கத் தடகள அணிக்கும் ஆதரவாளரானது. இரண்டுமே காசு கொடுத்து முறையாக வாங்கிய உரிமைகள்தான்; ஆயினும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவருக்கு ஒலிம்பிக்கின் நடுவில் கண்ணில் பட்டது கோடாக். நான்கு ஆண்டுகள் கழித்துச் சியோலில் கோடாக் ஒலிம்பிக்கின் அதிகாரப்பூர்வ ஸ்பான்சரானபோது, ஃபியூஜி அமெரிக்க நீச்சல் அணியைப் பிடித்துக்கொண்டு அதே வேலையைத் திருப்பிச் செய்தது. கதவு அடைக்கப்பட்டவுடன் சுவர் ஏறுபவர் தோன்றுகிறார் என்பதையும், இந்த நாடகத்தில் நிரந்தர வில்லன் என்று ஒருவர் இல்லை என்பதையும் இந்த இரண்டு ஒலிம்பிக்குகளும் சேர்ந்தே காட்டிவிட்டன.

இனி 1996க்குத் திரும்புவோம். பெப்சி செய்ததை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தால் இந்தக் கலையின் இலக்கணம் விளங்கும். அது போட்டியின் சின்னத்தை எங்கும் பயன்படுத்தவில்லை. தன்னை ஸ்பான்சர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் 'நான் ஸ்பான்சர் இல்லை' என்பதையே முழக்கமாக வைத்தது. எனவே மக்களை ஏமாற்றியதாக அதன் மேல் குற்றம் சாட்ட வழியே இல்லாமல் போனது. அது பயன்படுத்தியதெல்லாம் தனக்கு உரிமை உள்ளவற்றைத்தான்: ஆட்டக்காரர்களோடு தனித்தனியாகப் போட்ட ஒப்பந்தங்களும், தொலைக்காட்சியில் விலை கொடுத்து வாங்கிய நேரமும். அந்த உலகக் கோப்பையில் அதிக ஓட்டங்கள் எடுத்தவர் சச்சின், 523 ஓட்டங்கள். அவர் ஆடிய ஒவ்வொரு இன்னிங்ஸும் அவருடைய விளம்பரத்துக்கு வலுச்சேர்த்தது. மைதானத்து உரிமை கோக்கோ கோலாவிடம் இருந்தது. மைதானத்தில் ஆடியவரின் முகமோ பெப்சியிடம் இருந்தது. இந்த இரண்டில் எது பெரிது என்ற கேள்விக்கு இந்தியாவில் ஐயமில்லாமல் ஒரு விடைதான் உண்டு.

இதில் நுட்பமான இன்னொன்றும் இருக்கிறது. 'அதிகாரப்பூர்வ' என்ற சொல்லை நம் ஊரில் கேட்டவுடன் அரசு அலுவலகமும் ரப்பர் ஸ்டாம்பும்தான் நினைவுக்கு வரும். வரிசையில் நின்று சலித்தவர்களின் நாட்டில், அதுவும் குளிர்பானம் குடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம், அந்தச் சொல்லைப் பெருமையாகக் காட்டுவது எளிதன்று. கோக்கோ கோலா தன் பட்டத்தைச் சொல்லச் சொல்ல, பெப்சியின் கேலிக்குத் தீனி கிடைத்தது. பதுங்கு விளம்பரங்களிலேயே மிகத் திறமையானது, எதிராளி செலவழிக்கும் பணத்தையே தன் நகைச்சுவைக்கு முதலீடாக்கிக்கொள்வதுதான் என்பது என் எண்ணம். அதே சமயம் கோக்கோ கோலா வாங்கியது வீண் என்று சொல்லிவிட முடியாது. பலகைகளும் மைதானத்து விற்பனையும் அதற்குக் கிடைக்கத்தான் செய்தன. ஸ்பான்சர் கட்டணம் என்பது நுழைவுச்சீட்டு மாதிரி. உள்ளே போனபின், 'நாங்கள்தான் ஸ்பான்சர்' என்று மக்களுக்கு உணர்த்துவதற்குத் தனியாக இன்னொரு பெருந்தொகை செலவழிக்க வேண்டும். அந்த இரண்டாவது செலவில் சறுக்குபவரிடம்தான் பதுங்குபவர் எளிதில் வெல்கிறார்.

போட்டி அமைப்புகள் இந்த இடைவெளியை அடைக்க முயன்ற முதல் இடம் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில், 2007 உலகக் கோப்பை வரையிலான தன் போட்டிகளின் வணிக உரிமைகளை 55 கோடி டாலருக்குக் குளோபல் கிரிக்கெட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்துக்கு விற்றது. அவ்வளவு பெரிய தொகை கொடுத்தவர், 1996 மறுபடி நடக்காது என்ற உறுதியைக் கேட்டார். விளைவாக, 2002 செப்டம்பரில் கொழும்பில் நடக்கவிருந்த சாம்பியன்ஸ் டிராபிக்கு முன் ஆட்டக்காரர்களிடம் நீட்டப்பட்ட ஒப்பந்தத்தில் ஒரு புதிய விதி இருந்தது: போட்டி தொடங்குவதற்கு 30 நாள் முன்பிருந்து முடிந்து 30 நாள் வரை, அதிகாரப்பூர்வ ஸ்பான்சர்களுக்குப் போட்டியான பொருள் எதற்கும் எந்த ஆட்டக்காரரும் விளம்பரத்தில் தோன்றக் கூடாது.

இந்த விதி யாரைச் சுட்டது என்பதைப் பார்த்தால் சிக்கல் புரியும். போட்டியின் ஸ்பான்சர்களில் பெப்சி, எல்.ஜி., ஹீரோ ஹோண்டா ஆகியவை இருந்தன. ஆம், 1996இல் வெளியே நின்று கேலி செய்த அதே பெப்சி இப்போது உள்ளே இருந்தது. சச்சினுக்குப் பெப்சியால் பிரச்சினையில்லை. ஆனால் அவர் தமிழ்நாட்டின் டி.வி.எஸ். நிறுவனத்தின் விக்டர் மோட்டார் சைக்கிளுக்கு விளம்பரத் தூதர். அதிகாரப்பூர்வ மோட்டார் சைக்கிள் ஹீரோ ஹோண்டா. எல்.ஜி.யின் போட்டியாளரான சாம்சங்கோ இந்திய அணியின் வேறு பல ஆட்டக்காரர்களை ஒட்டுமொத்தமாகத் தன் விளம்பரத்துக்குப் பிடித்து வைத்திருந்தது. ஹோசூரில் தயாரான வண்டிக்குச் செய்துகொண்ட ஒப்பந்தம், கொழும்பில் நடக்கும் ஆட்டத்துக்காக ஏன் இரண்டு மாதத்துக்கு மேல் முடங்க வேண்டும் என்று கேட்டால் அதற்கு நேர்மையான பதில் சொல்வது கடினம். ஆட்டக்காரர்கள் கையெழுத்திட மறுத்தார்கள். இந்தியாவின் முதல் அணியே போகுமா என்ற சந்தேகம் கடைசி நேரம் வரை நீடித்தது. சில தளர்வுகளோடு சமரசம் ஏற்பட்டு அவர்கள் கொழும்பு சென்றார்கள். இறுதிப் போட்டி இரண்டு நாளும் மழையில் நின்றுபோக, இந்தியாவும் இலங்கையும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. ஆனால் ஒப்பந்தச் சண்டை ஓயவில்லை. அடுத்த ஆண்டு உலகக் கோப்பை வரை தொடர்ந்தது.

இங்கே பார்க்க வேண்டியது, பாதுகாப்பு என்று ஒருவர் சொல்வது இன்னொருவரின் பிழைப்பில் கைவைப்பதாகிவிடுகிறது என்பதை. டி.வி.எஸ். எந்த உலகக் கோப்பையையும் குறிவைத்துப் பதுங்கவில்லை. அது தன் வண்டியை விற்பதற்கு ஒரு புகழ்பெற்ற முகத்தை, போட்டி நடக்காத காலத்துக்கும் சேர்த்து, நீண்டகால ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. போட்டியின் கோணத்திலிருந்து பார்த்தால் அதுவும் பதுங்கு விளம்பரமாகவே தெரிகிறது. வேண்டுமென்றே பாய்பவருக்கும், தன் வழியில் போய்க்கொண்டிருந்தவருக்கும் இடையே கோடு எங்கே இருக்கிறது என்று இந்தத் துறையில் யாரும் திருப்தியாக வரைந்து காட்டியதில்லை.

ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்த முடியாதவர்களைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவது அடுத்த வழி. 2003 கிரிக்கெட் உலகக் கோப்பையை நடத்திய தென்னாப்பிரிக்கா, அதற்கு முன்பாகத் தன் வணிகக் குறிகள் சட்டத்தில் ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. அதன்படி அமைச்சர் ஒரு நிகழ்ச்சியைப் 'பாதுகாக்கப்பட்ட நிகழ்ச்சி' என்று அறிவிக்கலாம். அறிவித்தபின், ஒரு நிறுவனம் தன் சொந்தச் சின்னத்தைக்கூட அந்த நிகழ்ச்சியின் புகழிலிருந்து ஆதாயம் தேடும் வகையில் பயன்படுத்தினால் அது குற்றமாகும். சாதாரண வணிகச் சின்னச் சட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். அங்கே குற்றம், பிறர் சின்னத்தை எடுப்பது. இங்கே தன் சின்னத்தைத் தானே காட்டுவதும் குற்றமாகலாம்.

அந்தச் சட்டம் உலகின் கண்ணில் பட்டது கிரிக்கெட்டில் அன்று, அந்நாட்டில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தில். 2010 ஜூன் 14 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் சாக்கர் சிட்டி மைதானத்தில் நெதர்லாந்தும் டென்மார்க்கும் ஆடின. பார்வையாளர் இருக்கைகளில் 36 பெண்கள் ஒரே மாதிரியான ஆரஞ்சு நிறக் குட்டை உடை அணிந்து ஆடிப்பாடிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு நெதர்லாந்தின் நிறம். எனவே பார்ப்பதற்கு அவர்கள் அணியின் ரசிகைகள். உடையில் எந்தப் பெயரும் கண்ணில் படும்படி இல்லை; அருகில் போய்ப் பார்த்தால் மட்டும் தெரியும் சிறிய லேபிள் ஒன்று இருந்தது. ஆனால் பவேரியா என்ற டச்சு பீர் நிறுவனம் அதே உடையை முன்னதாகவே தன் நாட்டில் பீர் வாங்குவோருக்குக் கொடுத்து விளம்பரப்படுத்தியிருந்தது. போட்டியின் அதிகாரப்பூர்வ பீர் பட்வைசர். உடை டச்சுக்காரர்களுக்கு முன்பே அறிமுகமாகியிருந்ததால், கேமரா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் விளம்பரம் தானாக நடந்தது. பெயர் எழுதாத துணி பெயர்ப்பலகையின் வேலையைச் செய்தது.

ஃபிஃபாவின் ஆட்கள் அந்தப் பெண்களை வெளியேற்றினார்கள். இதோடு விட்டிருந்தால் ஒரு மைதானத்துச் செய்தியாக முடிந்திருக்கும். ஆனால் இரண்டு டச்சுப் பெண்கள் கைது செய்யப்பட்டு, மேலே சொன்ன வணிகக் குறிகள் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். நெதர்லாந்தின் வெளியுறவு அமைச்சர் வெளிப்படையாகக் கண்டிக்கும் அளவுக்கு விவகாரம் வளர்ந்து, பின்னர் ஃபிஃபாவுக்கும் பவேரியாவுக்கும் இடையே ஏற்பட்ட சமரசத்தால் வழக்கு கைவிடப்பட்டது. அதற்குள், டச்சு எல்லைக்கு வெளியே பலர் கேள்விப்படாத அந்த பீரின் பெயர் உலகச் செய்தியாகிவிட்டது. பதுங்கு விளம்பரத்தைத் தடுப்பவர்கள் அடிக்கடி விழும் குழி இதுதான்: கைவைத்தால் செய்தியாகும், விட்டால் ஸ்பான்சர் கோபித்துக்கொள்வார். பட்வைசருக்கு எதைக் காட்டி ஃபிஃபா தன் கடமையைச் செய்தது என்பது புரிகிறது. ஆனால் அந்தக் கடமையின் விலையை பட்வைசரே கட்டியது.

அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவின் குலுலா என்ற மலிவுக் கட்டண விமான நிறுவனம் 'உங்களுக்கே தெரியும் அது எது, அதன் அதிகாரப்பூர்வமற்ற விமானம் நாங்கள்' என்ற பொருளில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. பதினான்கு ஆண்டு முன்பு நம்மூரில் கேட்ட அதே குரல். ஃபிஃபா எதிர்ப்புத் தெரிவித்து அதை நிறுத்தவைத்தது. போட்டியின் பெயரே இல்லாத ஒரு வாக்கியம் போட்டியின் உரிமையை மீறியதாகச் சொல்லப்பட்டது, சட்டத்தின் கை எவ்வளவு நீளமாகிவிட்டது என்பதற்கு நல்ல அளவுகோல்.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே அப்படிப்பட்ட தனிச் சட்டம் இல்லை. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், இவற்றோடு 'பாசிங் ஆஃப்' எனப்படும் பழைய நீதிமன்றக் கோட்பாடு ஆகியவைதான் ஆயுதங்கள். ஒருவர் தன் சரக்கை இன்னொருவருடையது என்று வாங்குபவர் நம்பும்படி செய்து விற்பதைத் தடுப்பது பாசிங் ஆஃப். இந்த ஆயுதங்கள் பதுங்கு விளம்பரத்தின் மேல் பாயுமா என்பது 2003 உலகக் கோப்பையை ஒட்டி டெல்லி உயர் நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டது. தீபாவளியை ஒட்டி, பிலிப்ஸ் பொருள்களுக்கு 'தீவாளி மனாவோ, வேர்ல்டு கப் ஜாவோ' என்று ஒரு விளம்பரம் வந்தது; தீபாவளி கொண்டாடுங்கள், உலகக் கோப்பைக்குப் போங்கள் என்பது பொருள். பிலிப்ஸ் ஆடியோ சிஸ்டம் வாங்குபவர்களில் அதிர்ஷ்டசாலிகளுக்கு உலகக் கோப்பை நுழைவுச்சீட்டு பரிசு. விளம்பரத்தில் ஒரு கற்பனைச் சீட்டின் படமும் இருந்தது. மின்னணுப் பொருள் வகையில் அதிகாரப்பூர்வ ஸ்பான்சர் எல்.ஜி. என்பதால், சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் வணிகப் பிரிவு, பிலிப்ஸ் மீதும் ஆர்வி என்டர்பிரைசஸ் என்ற விற்பனையாளர் மீதும் வழக்குத் தொடுத்துத் தடையாணை கேட்டது.

நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்தது. விளம்பரத்தில் போட்டியின் சின்னமோ உருவமோ பயன்படுத்தப்படவில்லை. 'உலகக் கோப்பை' என்பது எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக வழங்கும் அகராதிச் சொல். அதை ஒருவர் தனதாக்கிக்கொள்ள முடியாது. சீட்டு பரிசாகக் கிடைக்கும் என்று சொன்னதால் பிலிப்ஸ்தான் ஸ்பான்சர் என்று வாங்குபவர் நம்பிவிடுவார் என்று கொள்ள இடமில்லை. பாசிங் ஆஃபில் ஓர் ஏமாற்று இருக்க வேண்டும். பதுங்கு விளம்பரத்தில் இருப்பது வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளும் தந்திரம் மட்டுமே. அதைக் குற்றமாக்க வேண்டுமானால் அது சட்டமன்றத்தின் வேலை. இதுவே அந்தத் தீர்ப்பின் சாரம். இதே காலத்தில், போட்டியின் சின்னத்தையே விளம்பரத்தில் எடுத்துப் போட்ட ஒரு பெட்ரோல் பங்கு மீது வந்த வேறொரு வழக்கில், சின்னம் பதிப்புரிமை உள்ள ஓவியம் என்பதால் அதைப் பயன்படுத்துவதற்கு அதே நீதிமன்றம் தடை விதித்தது. சொல்லுக்கும் சின்னத்துக்கும் நடுவில் கோடு இவ்வாறு விழுந்தது.

இந்தக் கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டு விளம்பரங்களைப் பார்த்தால் எது எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அடுத்த உலகக் கோப்பையின்போது நட்சத்திர ஆட்டக்காரர் வரும் ஒரு விளம்பரத்தை நிறுத்திப் பாருங்கள். அவர் அணிந்திருக்கும் நீலச் சட்டையின் மார்பில் கிரிக்கெட் வாரியத்தின் சின்னம் இருக்கிறதா, அல்லது அது வெறும் நீலமா? வெறும் நீலம் என்றால், அந்த நிறுவனத்திடம் ஆட்டக்காரரின் முகம் இருக்கிறது, அணியின் உரிமை இல்லை என்று பொருள். பின்னால் தெரியும் மைதானத்தில் பெயர்ப்பலகைகள் எல்லாம் வெறுமையாக இருக்கும். பேச்சில் போட்டியின் முழுப்பெயர் வராது. 'இந்தக் கிரிக்கெட் சீசனில்' என்றோ 'கோப்பைக் கொண்டாட்டம்' என்றோ சுற்றிவளைத்துச் சொல்லப்படும். மூலையில் போட்டியின் சின்னமும் 'அதிகாரப்பூர்வ' என்ற சொல்லும் இருந்தால் அவர் பணம் கட்டியவர். ஆட்டக்காரர் மட்டையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சச்சினின் மட்டையில் பல ஆண்டுகள் இருந்த சென்னையின் எம்.ஆர்.எஃப். பெயர் அவருடைய தனி ஒப்பந்தத்தால் வந்தது. மட்டையில் எவ்வளவு பெரிய எழுத்து இருக்கலாம் என்பதற்குக் கிரிக்கெட் கவுன்சிலின் விதி உண்டு.

நம் தெருமுனை டி.வி. கடைக்காரர் வரை இந்தக் கணக்கு வருகிறது. 'உலகக் கோப்பைத் தள்ளுபடி, பெரிய திரையில் ஆட்டம் பாருங்கள்' என்று அவர் வாசலில் பேனர் கட்டினால், டெல்லித் தீர்ப்பின் வழியில் பார்க்கும்போது அவர் பெரும்பாலும் பாதுகாப்பான பக்கத்தில் இருக்கிறார். அதே பேனரில், பிளெக்ஸ் அச்சகத்துப் பையன் இணையத்திலிருந்து எடுத்துப் போட்ட போட்டிச் சின்னம் ஒன்று மூலையில் ஏறிவிட்டால் அவர் பெட்ரோல் பங்கின் பக்கம் போய்விடுகிறார். பேனரின் நடுவில் அனுமதி வாங்காமல் ஓர் ஆட்டக்காரரின் படம் பெரிதாக இருந்தால், போட்டி அமைப்புக்கு முன்பாக அந்த ஆட்டக்காரரின் வழக்கறிஞரே கேட்பார். அது பதுங்கு விளம்பரம் என்பதையும் தாண்டி, இன்னொருவர் விலை கொடுத்து வாங்கிய முகத்தை இலவசமாக எடுத்துக்கொண்ட விவகாரம்.